படலையைப் பார்த்திருக்கும் அப்பப்பாவும் மகன் எழுதிய கதையும்

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிக்கு ஒரு சிறுகதை எழுதியிருக்கிறான். கதையில் ஒரு பெடியனின் அப்பப்பா எந்த நேரமும் வாசலுக்கு நேரே கதிரையைப் போட்டு, ஒழுங்கையால் போறவாற ஆக்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏன் என்று பெடியன் யோசிக்கிறான். கட்டாக்காலி மாடு வந்து தோட்டத்தில் இறங்கும் என்றா? பாண் ஓட்டோ வரும் என்றா? கள்ளனைப் பிடிக்கவா? கடைசியில், "அப்பப்பாவுக்கு என்னைப் பிடிக்காது. பக்கத்தில நிண்டாலும் என்ர முகத்தைப் பார்க்கமாட்டார். அவர் வேற ஆரையோ தேடுறார்" என்று முடித்திருக்கிறான். வாசித்துவிட்டு அழுதுவிட்டேன்.

அது எங்கள் வீடுதான். மாமாவுக்கு 74 வயது. அவருடைய இளைய மகன், என் கணவரின் தம்பி, 2009 மே மாதம் வட்டுவாகலில் வைத்துப் பிரிந்தவர். அப்போது 19 வயது, கலியாணம் கட்டவில்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. மகனுக்கு இதொன்றும் தெரியாது; நாங்கள் சொல்லவில்லை. மாமா இரவில்கூடப் படலையைப் பூட்ட விடமாட்டார். இளம் பெடியள் போனால் எழும்பி நிற்பார். கண் மங்கிவிட்டதால் "ஆர் போறது?" என்று மகனைக் கேட்பார். யாழ்ப்பாணத்தில் கண் ஒப்பரேஷனுக்கு நாள் தந்தும், "வந்தால் வீட்டில ஆள் இருக்கோணும்" என்று போகவில்லை. ஒருநாள் மகனைத் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். கணவர், கதிரையைப் பின்பக்கம் போட்டு ரீவி வைத்துக் கொடுப்போம் என்கிறார். காணாமற்போனதற்கான சான்றிதழ் எடுக்கச் சொல்லிச் சிலர் சொன்னபோது மாமா, "என்ர பிள்ளையைச் சாகடிக்கச் சொல்லுறியளோ" என்று கோபித்தார். ஆசிரியை கதையின் முடிவைச் சந்தோசமாக மாற்றித் தரச் சொல்கிறார். நான் என்ன செய்வது?

— பெயர் தவிர்க்கப்பட்டது, கிளிநொச்சி மாவட்டம்

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் மகன் மூன்று காரணங்களை நினைத்துப் பார்த்து, மூன்றும் பொருந்தவில்லை என்று தள்ளிவிட்டு, நான்காவதாகத் தன்னைக் காரணமாக்கியிருக்கிறான். இந்த வயதுப் பிள்ளைகள் இப்படித்தான் கணக்குப் பார்ப்பார்கள். ஒரு விஷயம் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தும் ஒருவரும் வாய் திறக்காவிட்டால், பிள்ளை தன் கையில் இருப்பதை வைத்து அதற்கு விடை தேடும். தன்னில் ஏதோ பிழை என்பதுதான் அதற்கு முதலில் அகப்படும்.

அவனைக் காப்பாற்றத்தான் நீங்கள் சொல்லாமல் விட்டீர்கள். ஆனால் உங்களால் மறைக்க முடிந்தது சித்தப்பாவின் பெயரை மட்டும்தான். அப்பப்பா எழும்பி நிற்பதையும், ஆள் கடந்துபோனதும் திரும்ப இருப்பதையும் அவன் தினமும் காண்கிறான். "வேற ஆரையோ தேடுறார்" என்பதுவரை தானாகவே வந்துவிட்டான். அந்த "ஆரையோ" யார் என்பதுதான் பாக்கி. ஆகவே, சொல்வதா விடுவதா என்ற கட்டம் கடந்துவிட்டது. எப்படிச் சொல்வது என்பதைத்தான் இனி பார்க்கவேண்டும். அதற்கு முன் மாமாவின் இருப்பைச் சரியாகப் புரிந்துகொள்ளவேண்டும்.

காவலா, காத்திருப்பா

வன்னியில் வாசலைப் பார்த்தபடி இருக்கும் வயதானவர்கள் பலர். எல்லாரும் ஒரே காரணத்துக்காக அப்படி இருப்பதில்லை. சிலருக்குக் காற்றும் ஒழுங்கைப் புதினமும்தான் காரணம். சிலருக்கு, ஷெல்லடிக்கும் கிபிருக்கும் பதுங்குகுழிக்கும் பழகிய உடம்பு இன்னும் காவலில் இருக்கிறது. சிலர் காத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் மூன்றுக்கும் செய்யவேண்டியது வேறு.

காவலில் இருப்பவர் முதுகைச் சுவரோடு வைத்துக்கொள்வார். படலையைப் பூட்டச் சொல்வார், பூட்டியதா என்று இரண்டு தரம் பார்ப்பார். கோவில் திருவிழாவில் வெடி கொளுத்தினால், ஹெலி தாழப் பறந்தால் திடுக்கிடுவார். போகிறவரின் வாகனத்தையும் கைகளையும் கவனிப்பார். ஆள் கடந்துபோனதும் அவருக்கு நிம்மதி வரும். காத்திருப்பவருக்கு இது தலைகீழ். படலை திறந்திருக்கவேண்டும், விளக்கு எரியவேண்டும். முகத்தைத்தான் பார்ப்பார். ஆள் நெருங்கும்போது உடம்பு நிமிரும், கடந்துபோனதும் தோள் சரியும்.

நீங்கள் எழுதியதெல்லாம் இரண்டாவது பக்கமே நிற்கிறது. ஒருவரிடம் இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. அதனால் வெடிச் சத்தத்துக்கு அவர் என்ன செய்கிறார், இரவில் எத்தனை தரம் எழும்புகிறார் என்று ஒரு கிழமை கவனியுங்கள். திடுக்கிடுவதும் கெட்ட கனவும் அதிகமாக இருந்தால் அதற்கு வைத்தியம் இருக்கிறது. காத்திருப்புக்கு மருந்து இல்லை, தேவையும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். தம்பி இன்று இருந்தால் முப்பத்தைந்து வயதைக் கடந்திருப்பார். ஆனால் மாமா எழும்பி நிற்பது இளம் பெடியள் போகும்போது. அவர் தேடும் முகத்துக்கு வயது ஏறவில்லை. இது புத்தி தடுமாற்றம் அல்ல. கடைசியாகப் பார்த்த முகம் அப்படியே நின்றுவிடும். உங்கள் மகனுக்கு மீசை அரும்பத் தொடங்கும்போது, பதினேழு பதினெட்டில், மாமாவுக்குப் பதற்றம் கூடலாம். பெடியன் ரியூசனுக்குப் போய் வரப் பிந்தினால் அவர் தாங்கமாட்டார். அப்போது அது எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

பெயர் மாறிக் கூப்பிட்டதை மறதி நோய் என்று பயப்படவேண்டாம். ஒரே சாயலுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் பெயர் மாற்றிக் கூப்பிடுவது வழமை. சாப்பிட்டதை மறந்து திரும்பச் சோறு கேட்பது, பழகிய கடைக்குப் போய் வழி தடுமாறுவது, காலையா மாலையா என்று குழம்புவது, இவை அடிக்கடி நடந்தால்தான் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

இந்த நிலைக்கு உளவியலில் ஒரு பெயர் இருக்கிறது. போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு வேலைசெய்தவர், 1970களில் அதற்குப் பெயர் வைத்தார். தமிழில் நிச்சயமற்ற இழப்பு என்று சொல்லலாம். அவர் சொன்னதில் முக்கியமானது, கோளாறு அந்த மனிதரில் இல்லை, அவர் மாட்டிக்கொண்ட நிலைமையில் இருக்கிறது என்பது. நம் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் இறந்தால் எட்டுச்செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, வருடம் திரும்ப ஆட்டைத்திவசம். ஒவ்வொரு சடங்கும் வீட்டாருக்கு, இனி இதுவரை வரலாம் என்று ஒரு படி இறக்கித் தருகிறது. மாமாவுக்கு அப்படி ஒரு நாளும் தரப்படவில்லை. "இனியாவது மனதை ஆற்றிக்கொள்ளுங்கோ" என்று சொன்னால் அவர் எந்த நாளிலிருந்து ஆற்றத் தொடங்குவது? "வருவான்" என்று உறுதி சொல்வதும், "அவன் போயிட்டான், ஏற்றுக்கொள்ளுங்கோ" என்று சொல்வதும் இரண்டும் உங்களுக்குத் தெரியாததைச் சொல்வதுதான். "வரலாம், வராமலும் போகலாம், எங்களுக்குத் தெரியாது மாமா" என்பதுதான் உண்மை. அதை ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்வதே வயதானவர்களுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். இத்தனை வருடமும் இரண்டு எண்ணத்தையும் தனியாகச் சுமந்தவர் அவர்.

ஒரு எல்லை மட்டும் சொல்லவேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் சாப்பாடு குறைந்து உடம்பு மெலிந்தால், நித்திரை இல்லாமல் போனால், "இருந்து என்ன பலன்" என்ற பேச்சு வந்தால், அது காத்திருப்பைத் தாண்டிய மனச்சோர்வு. அப்போது மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். இரவில் யாருடனாவது பேசவேண்டி வந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

முகத்தைப் பார்க்காததற்கு இன்னொரு காரணம்

மகன் எழுதிய "என்ர முகத்தைப் பார்க்கமாட்டார்" என்பது எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருக்கலாம். மாமாவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தால், அதாவது வெண்புரை என்றால், வெளிச்சத்துக்கு எதிரே இருக்கும்போது கண் கூசும், எல்லாம் புகைபடர்ந்ததுபோலத் தெரியும். அவர் நாள் முழுக்க வெளிச்சமான வாசலைப் பார்த்திருக்கிறார். மகன் வீட்டுக்குள்ளிருந்து, இருட்டுப் பக்கத்தால், முதுகுக்குப் பின்னால் வருகிறான். அவர் திரும்பிப் பார்த்தாலும் தெரிவது ஒரு நிழல்தான். முகம் தெரியாத ஒருவரின் கண்ணை எப்படிப் பார்ப்பது? அதனால்தான் குரலைக் கேட்டுக் கதைத்துவிட்டு, பார்வையைத் திரும்ப ஒழுங்கைக்குக் கொண்டுபோகிறார்.

இதை இன்றைக்கே மாற்றலாம். மகனுக்கு ஒரு சின்னக் கதிரையை மாமாவின் முன்பக்கம், சற்று ஓரமாக, வாசல் வெளிச்சம் அவன் முகத்தில் விழும்படி போடுங்கள். வாசலை மறைக்கக்கூடாது. கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பாடசாலையால் வந்ததும் முன்வாசலால் வந்து, "அப்பப்பா, நான்தான்" என்று சொல்லி, கையைத் தொட்டுவிட்டு இருக்கட்டும்.

ஒப்பரேஷன் விஷயத்துக்கு வருவோம். "வந்தால் வீட்டில ஆள் இருக்கோணும்" என்றவரிடம், யாரும் வரப்போவதில்லை என்று வாதாடினால் அவர் ஒருநாளும் பஸ் ஏறமாட்டார். அவர் கேட்பது ஒரு காவல்மாற்றம். அதைக் கொடுங்கள். அவர் யாழ்ப்பாணம் போகும் நாளில் அந்தக் கதிரையில் யார் இருப்பது என்று பெயர் சொல்லி ஒழுங்குபண்ணுங்கள். அயலில் தம்பியைத் தெரிந்த, முகம் அறிந்த ஒருவராக இருந்தால் நல்லது. படலை திறந்தே இருக்கட்டும். உங்கள் கைத்தொலைபேசி இலக்கத்தைச் சந்திக் கடையிலும் கிராம அலுவலரிடமும் கொடுத்து, அதை மாமாவுக்கு முன்னாலேயே செய்யுங்கள். இது பொய்யான நம்பிக்கையை ஊட்டுவதாகாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆகாது. அவன் வருவான் என்று நீங்கள் எங்கும் சொல்லவில்லை. தன் இடத்தைவிட்டு ஒருநாள் எழும்ப அவருக்கு அனுமதி கொடுக்கிறீர்கள்.

வெண்புரை ஒப்பரேஷன் கண்ணை மட்டும் விறைக்கச் செய்து செய்வது. பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். முதலே சீனியும் பிரசரும் பார்த்துக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தால் நாள் தள்ளிப்போகாது. அதன்பின் சில கிழமைகளுக்குக் கண்ணுக்கு மருந்து விடவேண்டும். முதல் நாட்களில் கண்ணில் தண்ணீரும் தூசியும் படக்கூடாது. உங்கள் ஒழுங்கை கிரவல் என்றால், உழவு மெசின் ஒன்று போனாலே தூசி கிளம்பும். அவரோ திரும்பவும் அதே இடத்தில்தான் இருக்கப்போகிறார். கதிரையை இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளி, கறுப்புக் கண்ணாடி போட்டுவிடுங்கள். கண் சிவந்து நோவு கூடினாலோ, தெரிந்த பார்வை திரும்ப மங்கினாலோ அடுத்த கிளினிக் நாள் வரும்வரை இருக்காமல் உடனே கொண்டுபோங்கள்.

பார்வை திரும்பினால் அவர் ஒழுங்கையை இன்னும் நன்றாகப் பார்ப்பார் என்பதும் உண்மை. பேரனின் முகத்தையும் பார்ப்பார்.

மகனுக்குச் சொல்வது

இந்தப் பேச்சை இத்தனை வருடம் தள்ளிப்போட்டதற்கு ஒரு காரணம் நம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. சித்தப்பா "இருந்தவர்" என்றால் முடிந்துபோன மாதிரி. "இருக்கிறார்" என்றால் எங்கே என்று பிள்ளை கேட்கும். எந்தச் சொல்லைப் பிடிப்பது என்று தெரியாமல்தான் பல வீடுகளில் அந்தப் பெயரே பேச்சிலிருந்து போய்விடுகிறது. வழியும் தமிழிலேயே உண்டு. வினைச்சொல் இல்லாமல் சொல்லுங்கள்: "உனக்கு ஒரு சித்தப்பா. அப்பாவுக்குத் தம்பி." அதற்குமேல், தெரிந்ததை மட்டும்: "2009இல, சண்டை முடியிற நேரம், வட்டுவாகலில எங்கட ஆக்களைவிட்டுப் பிரிஞ்சவர். அதுக்குப் பிறகு அவர் எங்க எண்டு எங்களுக்குத் தெரியாது. அப்பப்பா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். உன்னில ஒரு பிழையும் இல்லை."

இவ்வளவும் போதும். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் செல்லாது. கடைசி வசனத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவன் கதையில் கேட்டிருக்கும் கேள்விக்கு அதுதான் பதில். பகல் நேரத்தில், தேங்காய் துருவும்போதோ கிணற்றடியில் நிற்கும்போதோ, கை ஏதாவது செய்துகொண்டிருக்கச் சொல்லுங்கள். படுக்கப்போகும் நேரம் வேண்டாம். மே மாதமும் வேண்டாம். அந்த நாட்களில் ஊர் முழுக்கக் கனத்திருக்கும், சந்தியில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுப்பார்கள். அவன் அந்தக் கஞ்சியைக் குடித்திருப்பான். அதாவது, சண்டை என்று ஒன்று நடந்ததும் ஆட்கள் போனதும் அவனுக்கு ஏற்கெனவே தெரியும். தன் வீட்டுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதுதான் தெரியாது.

அவன் அப்போதே ஒன்றும் கேட்காமல் விளையாடப் போய்விட்டால் கவலைப்படாதீர்கள். கேள்விகள் நாலு நாள் கழித்து, நீங்கள் நினையாத நேரத்தில் வரும். "செத்துப்போனாரோ?" என்று கேட்டால், "தெரியாது. தெரியாததுதான் அப்பப்பாவுக்குக் கஷ்டம்" என்று சொல்லுங்கள். "ஆர் கொண்டுபோனது?" என்று கேட்டால், உங்கள் குடும்பம் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள், கேள்விப்பட்டது, ஊகம், பிறர் சொன்ன பயங்கரம் ஒன்றும் வேண்டாம். அவன் வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்வியும் இருக்கும்: நானும் இப்படிக் காணாமல் போவேனா? கேட்காவிட்டாலும் அதற்குப் பதில் சொல்லிவையுங்கள். "இப்ப சண்டை இல்லை. நீ எங்க போறாய், எப்ப வாறாய் எண்டு எங்களுக்குத் தெரியும், நாங்கள் வந்து கூட்டிக்கொண்டு வருவம்" என்பதுபோல, அவன் தினசரி வாழ்வில் காணக்கூடியதைச் சொல்லுங்கள்.

பிள்ளை காவலாளியாக மாறுவது இதன் பிறகு வரக்கூடிய பிழை. மனமிரங்கும் பிள்ளை அப்பப்பாவின் பக்கத்தில் தானும் இருந்து பார்க்கத் தொடங்கும், விளையாடப் போகாது, "ஆர் போறது?" என்று கேட்கமுதலே பெயர் சொல்லும். ஒரு நாளில் அரைமணி நேரம் அப்படி இருப்பது இருவருக்கும் நல்லது. பின்னேரம் முழுவதும் என்றால் நிறுத்துங்கள். "தேடுறது பெரியாக்களின்ர வேலை, நீ போய் விளையாடு" என்று மாமாவே சொன்னால் அதைவிட நல்லது இல்லை. வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர் போதல், பாடசாலைக்குப் போக மறுத்தல் போன்றவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் பாடசாலையின் வழிகாட்டல் ஆசிரியரிடமோ வைத்தியசாலையிலோ கதையுங்கள்.

யார் சொல்வது என்றால், முடிந்தால் உங்கள் கணவர். ஆனால் வற்புறுத்தவேண்டாம். கதிரையைத் திருப்பச் சொல்வது அவருக்கு மாமாவில் உள்ள எரிச்சல் என்று நான் நினைக்கவில்லை. மாமாவுக்கு அது மகன், அவருக்கு அது கூடப்பிறந்த தம்பி. ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து படலைக்குள் சைக்கிளை இறக்கும்போது, தகப்பன் தன்னைப் பார்த்து நிமிர்ந்து, அது தம்பி இல்லை என்று கண்டு திரும்ப இருப்பதை அவர் பார்க்கிறார். உங்கள் மகன் எழுதிய அதே வரி அவருக்குள்ளும் இருக்கக்கூடும். பிரிந்த கதையை அவர் சொல்லமுடியாவிட்டால், அதற்கு முந்திய தம்பியைப் பற்றிச் சொல்லட்டும்: என்ன பந்து விளையாடினார், எந்தக் குளத்தில் நீந்தினார், எதற்கு அடி வாங்கினார் என்று. காணாமற்போன ஒருவரைப் பற்றி மகன் முதலில் அறிவது அவர் காணாமற்போனதையே என்றிருக்கவேண்டியதில்லை.

கதிரையைத் திருப்பாதீர்கள். பின்பக்கம் போட்டாலும் அவர் காது வாசலில்தான் இருக்கும். பார்க்கமுடியாதபோது பதற்றம் கூடும், இரவில் எழும்பிப் போய்ப் பார்ப்பார். ரீவி வாங்குவதானால் வாங்குங்கள், வாசல் தெரியும் இடத்தில் வையுங்கள்.

சான்றிதழ்

இதில் மாமாவின் கோபத்துக்கு ஒரு நியாயம் உண்டு. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் மட்டுமே எடுக்க முடிந்தது. பல தாய் தகப்பன்மார் அதற்கு மாட்டேன் என்றார்கள். அந்தச் சட்டம் 2016இல், 16ஆம் இலக்கத் திருத்தத்தால் மாற்றப்பட்ட பிறகுதான், இறந்ததாகச் சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் வந்தது. இரண்டும் வேறு பத்திரங்கள். இரண்டாவதை எடுத்தால் மரணத்தை ஒப்புக்கொண்டதாகாது. மாமா இன்னும் பழைய பத்திரத்தையே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் சட்டப்படி எடுக்கலாம் என்பது எடுக்கவேண்டும் என்பதல்ல. அந்தச் சான்றிதழ் பெரும்பாலும் உதவுவது காணாமற்போனவரின் மனைவி பிள்ளைகளுக்கு, அல்லது அவர் பெயரில் வங்கிக் கணக்கோ சொத்தோ உள்ள குடும்பத்துக்கு. 19 வயதில், கலியாணம் கட்டாமல், அவர் பெயரில் ஒன்றும் இல்லாமல் போன ஒருவருக்காக நீங்கள் அவசரப்பட்டு எடுக்கவேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. யாரோ சொன்னார்கள் என்பதற்காக 74 வயதுக்காரரோடு இழுபடவேண்டாம். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் பதிவதும் உங்கள் குடும்பத்தின் விருப்பம். அது 2016இன் 14ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. தேடிக் கண்டறிவது அதன் வேலை, யாரையும் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அதை நம்பிப் பதிந்தவர்களும் இருக்கிறார்கள், நம்பாமல் 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சி வீதியோரத்தில் இருந்து போராடியவர்களும் இருக்கிறார்கள். எது சரி என்று உங்கள் வீட்டுக்கு வெளியில் உள்ள ஒருவர் சொல்லக்கூடாது.

இதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. மாமாவிடம் பழைய முறைப்பாட்டுத் துண்டுகள் இருக்கும்: செஞ்சிலுவைச் சங்கம், மனித உரிமைகள் ஆணைக்குழு, பின்னால் வந்த ஆணைக்குழுக்கள். பெரும்பாலும் ஒரு ஷொப்பிங் பையில், றங்குப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார். அவற்றைப் போட்டோப் பிரதி எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள். அதோடு ஒரு கொப்பியில், மாமா சொல்லச் சொல்ல எழுதுங்கள்: தம்பியின் உயரம், பல் எதுவும் விழுந்ததா, எலும்பு முறிந்ததா, தழும்பு எங்கே, கடைசியாகப் போட்டிருந்த சேட்டின் நிறம், கழுத்தில் கையில் என்ன இருந்தது, யாரோடு நின்றார். 2023இல் கொக்குத்தொடுவாயில் குழாய் பதிக்க வெட்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டதை அறிந்திருப்பீர்கள். அப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம், அடையாளம் பார்க்க இந்த விபரங்களைத்தான் கேட்பார்கள். உயிரோடு உள்ள ஒருவரைத் தேடவும் இவைதான் வேண்டும். இவை முழுதாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அவருக்கு 74 வயது. எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்: "உங்களுக்குப் பிறகும் நாங்கள் தேட." அதைக் கேட்டபின் அவர் அழக்கூடும். அழட்டும், பக்கத்தில் இருங்கள். ஒரே நாளில் எழுதி முடிக்கவேண்டாம், ஒரு தடவைக்கு ஒரு பக்கம் போதும்.

கதையை என்ன செய்வது

முடிவை நீங்களும் மாற்றவேண்டாம், ஆசிரியையும் மாற்றவேண்டாம். சித்தப்பா திரும்பி வந்தார், எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று எழுதவைத்தால், தான் கண்டதை நம்பக்கூடாது என்று அவன் கற்றுக்கொள்வான். ஆசிரியையிடம் நேரில் போய், இது எங்கள் வீட்டு விஷயம், ஒரு கிழமை தவணை தாருங்கள் என்று கேளுங்கள். வகுப்பில் உரத்து வாசிக்கவேண்டாம் என்றும் சொல்லுங்கள். அதே வகுப்பில் இதே கதை உள்ள வேறு பிள்ளைகளும் இருப்பார்கள்.

அந்தக் கிழமைக்குள் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். முதலில் மாமாவிடம், மகனுக்குச் சொல்லப்போகிறோம் என்று சொல்லி அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். அது அவருடைய பிள்ளையின் கதை. "சொல்லாதே" என்றால், மகன் எழுதிய கடைசி வரியை அவருக்குச் சொல்லுங்கள். பேரன் தன்னைப்பற்றி அப்படி நினைக்கிறான் என்று தெரிந்தபின் அவர் மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். பிறகு மகனுக்குச் சொல்லுங்கள். இரண்டொரு நாள் விட்டு, மகன் விரும்பினால், அந்த முன்கதிரையில் இருந்து கதையை அப்பப்பாவுக்கு வாசித்துக் காட்டட்டும். மாடு, பாண் ஓட்டோ, கள்ளன் எல்லாம் வரும்போது அவர் சிரிக்கவும் கூடும். கடைசி வரிக்கு என்ன பதில் என்பதை அவர் சொல்லட்டும். நீங்கள் இடையில் போகவேண்டாம், அடுப்படியில் நில்லுங்கள்.

அதன்பின் மகன் முடிவை மாற்ற விரும்பினால் மாற்றட்டும், விரும்பாவிட்டால் அப்படியே போகட்டும். போட்டிக்கு அனுப்புவதானால் சித்தப்பாவின் சொந்தப் பெயரும் ஊர்ப் பெயரும் கதையில் இல்லாதபடி பாருங்கள். அனுப்பவேண்டாம் என்று அவனோ மாமாவோ சொன்னால், கொப்பியில் அந்தப் பக்கங்களைக் கிழிக்காமல் வைத்திருங்கள், மாமா சொல்லி நீங்கள் எழுதிய கொப்பியோடு சேர்த்து.